பெரியம்மாவின் மரணசாசனத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்த கதை

என் மாமனார் இறந்தபோது அவருடைய மரணசாசனத்தில் நிறைவேற்றுநரின் பெயர் "சந்திரசேகரன்" என்று இருந்தது. அடையாள அட்டையில் அவர் "சந்திரசேகரம்". ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். ஆள் யார் என்று ஊரில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று காட்டுவதற்குச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுத்தோம், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தோம், ஒவ்வொரு தவணைக்கும் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய் வந்தோம். மரணசாசனம் செல்லாமல் போகவில்லை. ஆனால் எட்டு மாதம் வீணாயிற்று, செலவும் வந்தது. அந்தத் தாளை உயிரோடு இருந்தபோது மாமனார் ஒரு தடவை என்னிடம் காட்டியிருந்தார். நான் சொத்து விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மாமா" என்று திருப்பிக் கொடுத்தேன். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். அந்த "சரி" இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

அதனால் ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மா மரணசாசனம் முடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, கையெழுத்து வைக்கும் முன் வரைவை என்னிடம் தரவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இரண்டரைப் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்து முடிக்க மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில் கண்டதையும் கையெழுத்து நாளில் நடந்ததையும் எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆனால் பிழைகள் நடந்த விதம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதுதான் விசயம்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் செல்லத்துரை இல்லை. பெற்ற பிள்ளைகளும் இல்லை. தன் தங்கை இராசமணியின் மகள் தவமணியை இரண்டு வயதில் எடுத்து வளர்த்தார். தவமணியின் கணவர் சிவராசன். அப்புறம், பெரியம்மாவின் தம்பியுடைய மகன் ஒருவர் கல்முனையில் இருக்கிறார், அவர் பெயர் சிவராசா. வீடும் வளவும் தவமணிக்கு, இரண்டு ஏக்கர் வயல் சிவராசாவுக்கு, நகைகள் தவமணியின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு, நிறைவேற்றுநர் சிவராசன். பெரியம்மாவின் மனதில் இருந்தது இவ்வளவுதான். இதில் குழப்பம் வர என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

வரைவை வாசிக்கும் முன் வேறு ஒரு வேலை செய்தேன். ஒரு கொப்பித் தாளை எடுத்து, மரணசாசனத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது, அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது, கலியாணச் சான்றிதழில் எப்படி, ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஆளைக் கேட்டு எழுதவில்லை, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். தன் பெயரைத் தானே பிழையாகச் சொல்கிறவர்கள் அதிகம். "இராசமணி" என்று பதிந்திருக்கும், "ராசமணி" என்று எழுதுவார்கள். புவனேஸ்வரி, புவனேசுவரி, புவனேஷ்வரி மூன்றும் ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தவமணியின் வரியை எழுதும்போதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் நாகலிங்கம். ஆகவே அவள் நாகலிங்கம் தவமணி. பள்ளிக்கூடத்தில் பெரியப்பா தன் பெயரைக் கொடுத்துச் சேர்த்ததால் அங்கே செல்லத்துரை தவமணி. சாதாரண தரச் சான்றிதழும் அப்படியே. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் சிவராசன் தவமணி. நம் ஊரில் பெண்களுக்கு இது புதினம் இல்லை. தகப்பன் பெயரை முன்னால் போட்டுப் பிறந்து, கணவன் பெயரை முன்னால் போட்டு வாழ்கிறார்கள். ஆனால் வரைவில் "செ. தவமணி" என்று மட்டும் இருந்தது. பெரியம்மா சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் இன்றைக்குச் செல்லக்கூடிய ஓர் அடையாளப் பத்திரமும் தவமணியிடம் இல்லை. தலைப்பெழுத்து மட்டும் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. "செ" என்றால் செல்லத்துரையா, செல்வராசாவா, செந்தில்நாதனா என்று பிறகு யார் சொல்வது?

இதற்கு நாங்கள் வைத்த வாசகம் இது: "தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னதைக் கொண்டவரும், நாகலிங்கத்தின் மகளும், சிவராசனின் மனைவியும், செல்லத்துரை தவமணி என்றும் அழைக்கப்படுபவருமான சிவராசன் தவமணி." வாசிக்க நீளம்தான். ஆனால் அவளிடம் இருக்கும் எந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டினாலும் அது இந்த வரியில் வந்து பொருந்தும். மரணசாசனத்தில் முதல் தடவை பெயர் வரும் இடத்தில் இப்படி விரித்து எழுதிவிட்டால், பிறகு வரும் இடங்களில் "மேற்குறித்த சிவராசன் தவமணி" போதும்.

அடையாள அட்டை இலக்கத்தை ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணினால் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். தவமணி பிறந்தது 1968 ஆகஸ்ட் 12 ஆம் திகதி. அது 225 ஆவது நாள். 500 கூட்டினால் 725. ஆகவே அவளுடைய இலக்கம் 68725 என்று தொடங்கவேண்டும். வரைவில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த இலக்கமோ 65093 என்று தொடங்கியது. நடுவில் இருக்கும் 093 ஐப் பார்த்த உடனேயே இது ஓர் ஆணின் இலக்கம் என்று தெரிந்துவிட்டது. சிவராசனுடைய அட்டையின் கொப்பியும் தவமணியுடையதும் ஒரே தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள், டைப் செய்தவர் மாற்றி அடித்துவிட்டார். 2016 க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான். வருடம் நான்கு இலக்கமாக வரும், அடுத்த மூன்றும் நாள். பழைய இலக்கத்தைப் புதிதாக மாற்றும்போது முன்னால் 19 சேரும், நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர் சேரும், கடைசியில் இருந்த ஆங்கில எழுத்து போய்விடும். ஒரே ஆளுக்கு ஒரு பத்திரத்தில் பழைய இலக்கமும் இன்னொன்றில் புதிய இலக்கமும் இருந்தால் அது பிழை இல்லை என்பதை இப்படித்தான் உறுதி செய்யலாம்.

அடுத்தது சிவராசாவும் சிவராசனும். வரைவின் நான்காம் பந்தி, "வயலை எனது மருமகன் சிவராசாவுக்குக் கொடுக்கிறேன்" என்றது. ஆறாம் பந்தி, "நிறைவேற்றுநராக எனது மருமகன் சிவராசாவை நியமிக்கிறேன்" என்றது. இரண்டையும் வாசித்தால் ஒரு குறையும் தெரியாது. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆறாம் பந்தியில் வரவேண்டியது சிவராசன். எழுத்துப் பிழை திருத்தும் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான பெயர்கள். இதை நான் பிடித்ததற்குக் காரணம் அந்தக் கொப்பித் தாள்தான். ஒவ்வொருவருக்கும் எதிரே அவருக்கு என்ன கிடைக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். வரைவில் பெயர் வந்த ஒவ்வோர் இடத்தையும் அந்தத் தாளில் ஒரு கோடு போட்டு எண்ணினேன். சிவராசனுக்கு எதிரே ஒரு கோடும் விழவில்லை. ஒருவர் பெயர் எத்தனை இடத்தில் வரவேண்டும் என்பதை முதலில் தெரிந்து வைத்துக்கொண்டு எண்ணினால், பிழையாக எழுதியதை மட்டுமல்ல, எழுதாமல் விட்டதையும் கண்டுகொள்ளலாம்.

இந்த இரண்டு பேரையும் இன்னும் குழப்பியது "மருமகன்" என்ற சொல். பெரியம்மாவுக்குத் தம்பி மகனும் மருமகன், வளர்த்த மகளின் கணவனும் மருமகன். நம் வீட்டில் பேசும்போது யாருக்கும் இது குழம்பாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம். ஆனால் பெரியம்மா இல்லாத ஒரு நாளில், இந்த வீட்டை அறியாத ஒருவர், மேசையில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு வாசிப்பார். அவருக்கு "மருமகன்" என்றால் மகளின் கணவன் என்றுதான் முதலில் தோன்றும். உறவுச் சொற்களில் மருமகன் மட்டும் இப்படி இல்லை. மருமகளும் அப்படித்தான். ஆண் ஒருவர் தன் அண்ணன் பிள்ளைகளை மகன், மகள் என்பார். பெண் ஒருவர் தன் அக்கா, தங்கை பிள்ளைகளை அப்படிச் சொல்வார். சகோதரங்களின் பேரப்பிள்ளைகளும் பேரன், பேத்திதான். ஒன்றுவிட்ட தம்பியும் தம்பிதான். ஆகவே மரணசாசனத்தில் உறவுச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று: யார் வழியாக இந்த உறவு? அந்த வழியை எழுதிவிட்டால் சொல் தெளிந்துவிடும். "என் தம்பி கந்தசாமியின் மகன் சிவராசா" என்று எழுதினோம். "மேற்குறித்த தவமணியின் கணவர் சிவராசன்" என்று எழுதினோம். மருமகன் என்ற சொல் முழுப் பத்திரத்திலும் இல்லாமல் போயிற்று. "என் பேத்திமாருக்கு" என்று இருந்ததையும் எடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளின் முழுப் பெயரையும் "தவமணியின் மகள்மாரான" என்று சேர்த்து எழுதினோம்.

கடினமாக இருந்தது "மகள்" என்ற சொல்தான். வரைவில் "எனது மகள் தவமணி" என்று இருந்தது. தவமணியை நீதிமன்றத்தில் பதிந்து மகவேற்புச் செய்யவில்லை. அந்தக் காலத்தில் சொந்தத் தங்கையின் பிள்ளையை வளர்க்க யார் நீதிமன்றம் போனார்கள்? ஆனால் சட்டப்படி மகவேற்பு இல்லாவிட்டால் அவள் பெரியம்மாவின் பிள்ளையாக உரிமை கேட்க முடியாது. மரணசாசனம் எழுதவேண்டி வந்ததே அதனால்தான். "மகள்" என்று மட்டும் எழுதியிருந்தால், நாளைக்கு யாராவது "இவருக்கு மகளே இல்லையே, இது யார்?" என்று கேட்கலாம். பெயரும் அடையாளமும் தெளிவாக இருந்தால் உறவைத் தவறாகச் சொன்னதற்காகக் கொடை இல்லாமல் போகாது என்று மரணசாசனத்தை முடித்துக் கொடுக்கும் நொத்தாரிசும் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி நிறுவுவதற்கு ஒரு வழக்கு வேண்டும். எதிர்க்கட்சிக்காரருக்கு, "அவவுக்குத் தான் என்ன எழுதுகிறோம் என்றே தெரியவில்லை, பெறாத பிள்ளையை மகள் என்று எழுதியிருக்கிறா" என்று வாதாடவும் இடம் கிடைக்கும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சிர மகள் எண்டு போட்டா, நான் போன மறுகா அவள் அதை வாசிச்சா என்ன நினைப்பாள் மனே? இவ்வளவு நாளும் அம்மா எண்டு கூப்பிட்டவள்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிழை திருத்தப் போனவன் அந்தச் சொல்லை ஒரு பிழையாக மட்டும் பார்த்திருக்கிறேன். அது அவருக்கு நாற்பது வருடத்துக்கும் மேலான வாழ்க்கை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பல விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் நொத்தாரிசும் ஒத்துக்கொண்ட வரி இது: "என் தங்கை இராசமணிக்கும் நாகலிங்கத்துக்கும் பிறந்தவரும், இரண்டு வயது முதல் என்னால் என் சொந்த மகளாக வளர்க்கப்பட்டவருமான சிவராசன் தவமணி என்பவருக்கு." பிறப்பும் உண்மை, வளர்ப்பும் உண்மை, மகள் என்ற சொல்லும் இருக்கிறது. பெரியம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்த வரியில் "தவமணி என்பவருக்கு" என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தமிழில் எழுதும் பத்திரங்களுக்கு வேண்டிய ஒரு கவனம். வேற்றுமை உருபு சேரும்போது நம் பெயர்கள் உருமாறும். "தவமணிக்கு" என்றால் பெயர் கெடவில்லை. ஆனால் சண்முகம் "சண்முகத்துக்கு" ஆகிவிடுவார், நாகரத்தினம் "நாகரத்தினத்தின்" ஆகிவிடுவார். பத்திரத்தில் அந்த இடத்தில் மட்டும் அவர் பெயர் வந்தால், அவருடைய சரியான பெயர் பத்திரத்தில் எங்கேயும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். என் மாமனாரின் மரணசாசனத்தில் சந்திரசேகரம் சந்திரசேகரனாக மாறியதும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். யாரோ வாயால் "சந்திரசேகரத்தை" என்று சொல்லியிருப்பார்கள், டைப் செய்தவர் உருபைக் கழித்துவிட்டுப் பெயரின் முடிவைத் தானே ஊகித்து எழுதியிருப்பார். "என்பவர்" என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைத்து, உருபை அதிலே ஏற்றிவிட்டால் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி அப்படியே நிற்கும். கணினியில் Ctrl+F போட்டுப் பெயரைத் தேடி எண்ணுவதற்கும் அது உதவும். சண்முகம் என்று தேடினால் சண்முகத்துக்கு அகப்படாது அல்லவா?

திருத்திய வரைவு வந்த பிறகு, தவமணியின் மூத்த மகளை என்னோடு இருத்தினேன். அவள் அடையாள அட்டைகளை வைத்துக்கொண்டு பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். நான் வரைவில் பேனை முனையை வைத்துப் பார்த்தேன். "இ, ரா, ச, ம, டண்ணகர ணி" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தெரிந்த பெயரைக் கண் முழுதாகப் பார்த்தால் அதிலுள்ள பிழை தெரியவே தெரியாது. கண் தான் எதிர்பார்க்கிறதை வாசித்துவிடும். எழுத்தாகச் சொல்லும்போது ர வும் ற வும், ல வும் ள வும் தனித்தனியே நிற்கும். இப்படிப் பார்த்தபோது கந்தசாமி ஓரிடத்தில் "கந்தசுவாமி" என்று இருந்தது தெரிந்தது.

இனி அத்தாட்சிப் பந்தி. மரணசாசனத்தின் கடைசியில், கையெழுத்துகளுக்குப் பிறகு நொத்தாரிசு எழுதுகிற பகுதி. எல்லாரும் இதை "அது வழமையாகப் போடுறது" என்று தாண்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டியிருப்பேன். பெரியம்மாவின் வரைவில் அதிகப் பிழை இருந்தது இங்கேதான்.

இந்தப் பந்தி எதற்கு என்று தெரிந்தால்தான் இதில் என்ன பார்க்கவேண்டும் என்று தெரியும். நம் நாட்டில் மரணசாசனம் எப்படி முடிக்கப்படவேண்டும் என்று சொல்வது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மரணசாசனம் எழுத்தில் இருக்கவேண்டும். அதன் அடியில் அல்லது முடிவில் எழுதுவித்தவர் கையொப்பமிடவேண்டும். ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கவேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு தன் அத்தாட்சியில் எதையெதை எழுதவேண்டும் என்பதை 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அத்தாட்சியின் வடிவத்தில் நொத்தாரிசு ஏதாவது விட்டுவிட்டதால் மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் எல்லாரும் ஒன்றாக இருந்து கையொப்பமிட்டார்கள் என்ற செய்தி முதல் சட்டத்தின் நிபந்தனை. அது உண்மையில் நடக்காவிட்டால் மன்னிப்பு இல்லை. அது நடந்தது என்று பத்து வருடத்துக்குப் பிறகு காட்டுவது இந்தப் பந்திதான். சாட்சிகள் அப்போது உயிரோடு இருப்பார்களோ தெரியாது.

வரைவில் இருந்த பந்தி வேறொரு நன்கொடை உறுதியிலிருந்து எடுத்து ஒட்டியது. ஓரிடத்தில் "மரணசாசனகாரி" என்றும் இன்னோரிடத்தில் "நன்கொடையாளர்" என்றும் இருந்தது. முதல் வரியில் ஒருமை, நாலாவது வரியில் "அவர்கள் கையொப்பமிட்டனர்" என்று பன்மை. பழைய உறுதியில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்து வைத்திருப்பார்கள் போல. இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தெரியாதவை மூன்று.

ஒன்று, "மரணசாசனகாரி இதனைத் தாமே வாசித்து விளங்கிக்கொண்ட பின்" என்று இருந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். கையெழுத்து வைப்பார், ஆனால் அச்செழுத்தை வாசிக்க முடியாது. இது ஊருக்கே தெரியும். இந்த வாசகத்தோடு பத்திரம் முடிந்திருந்தால், வழக்கு என்று வரும் நாளில் கண் வைத்தியரின் துண்டு ஒன்றே போதும், முழு அத்தாட்சியையும் சந்தேகப்பட வைக்க. "சாட்சிகள் முன்னிலையில் என்னால் வாசித்து விளங்கப்படுத்தப்பட்ட பின்" என்று மாற்றச் சொன்னோம். சொன்னதோடு நிற்காமல் அப்படியே நடக்கவும் வேண்டும்.

இரண்டாவது, "என் முன்னிலையில் அல்லது ஒருவர் முன்னிலையில் மற்றவர்" என்று ஒரு "அல்லது" இருந்தது. "என் முன்னிலையிலும், ஒருவர் முன்னிலையில் மற்றவரும், அனைவரும் ஒரே நேரத்தில் கூடியிருந்து" என்று இருக்கவேண்டிய இடம் அது. "உம்" இரண்டு போய் "அல்லது" ஒன்று வந்தால் சட்டம் கேட்பது தலைகீழாகிவிடும். இந்தப் பந்தியை வாசிக்கும்போது பெயர்ச்சொற்களை விட இந்தச் சின்ன இடைச்சொற்களில்தான் கூடுதலாக நிற்கவேண்டும்.

மூன்றாவது, கையெழுத்து நடக்கும் இடம். கையெழுத்து நொத்தாரிசின் அலுவலகத்தில் நடந்ததாக முன்னரே டைப் செய்திருந்தார்கள். பெரியம்மாவால் படி ஏற முடியாது, ஆரையம்பதியில் வீட்டில்தான் நடக்கப் போகிறது. திகதி, இடம், சாட்சிகளின் முழுப் பெயர், வதிவிடம், இவர்களை நொத்தாரிசுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எல்லாம் நடந்தபடி இருக்கவேண்டும். பெரியம்மாவை நொத்தாரிசுக்கு முன்பின் தெரியாது, சாட்சிகளுக்குத்தான் தெரியும். பந்தியோ "எனக்கு நன்கு அறிமுகமான" என்றது. அதையும் மாற்றினோம்.

சாட்சிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் கையெழுத்து என்றதும் "சிவராசன்தான் நிற்கிறாரே, அவர் ஒரு சாட்சி வைக்கட்டும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நொத்தாரிசு கையைக் காட்டி நிறுத்தினார். பயன் பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால், மரணசாசனம் நின்றாலும் அந்தப் பங்கு போய்விடும் என்றார். தவமணிக்கு வீடு, ஆகவே சிவராசன் நிற்கக்கூடாது. பக்கத்து வளவில் இருந்த ஓய்வுபெற்ற தபாற்காரரும், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் இந்தச் சொத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை.

கையெழுத்து நாளில் நொத்தாரிசு முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பந்தி முடிவிலும் நிறுத்தி, பெரியம்மாவிடம் அவர் பேச்சில் கேட்டார்: "அப்ப வயல் ஆருக்கு அம்மா?" பெரியம்மா சொன்னார். "ஆர்ர மகன்?" அதற்கும் சொன்னார். கண் தெரியாத ஒருவருக்கு விளங்கப்படுத்துவது என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. சாட்சிகளும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

வாசிப்பு தொடங்குமுன் கடைசித் தடவையாகப் பெயர்களைப் பார்த்தபோது ஒரு சாட்சியின் பெயர் "கணேஷமூர்த்தி" என்று இருந்தது. அவருடைய அட்டையில் "கணேசமூர்த்தி". வீட்டில் அச்சிட வசதி இல்லை. நொத்தாரிசு "ஷ" வைக் கோடு போட்டு வெட்டி மேலே "ச" எழுதினார், பிரதிகளிலும் அப்படியே செய்தார். பிறகு அத்தாட்சியில், எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, எந்த எழுத்து வெட்டப்பட்டு எது எழுதப்பட்டது, அது வாசித்து விளங்கப்படுத்துவதற்கு முன்னர் செய்யப்பட்டது என்று எழுதினார். இந்தக் குறிப்பு இல்லாத வெட்டுத்தான் ஆபத்து. யார் வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். கையெழுத்து முடிந்த பிறகு ஒரு புள்ளி பிழை என்று கண்டாலும் பேனையால் தொடக்கூடாது. புதிதாக ஒரு மரணசாசனம், அல்லது அதே முறைப்படி நொத்தாரிசும் சாட்சிகளும் கூடி முடிக்கும் ஒரு பின்னிணைப்பு வேண்டும்.

பெரியம்மா எப்போதும் "செ. பாக்கியம்" என்றுதான் கையெழுத்து வைப்பார். அட்டையில் செல்லத்துரை பாக்கியலட்சுமி. அன்றைக்கு யாரோ, "முழுப் பேரையும் எழுதுங்கோ" என்று சொல்ல, நான் வேண்டாம் என்றேன். வங்கியிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் இருக்கும் கையெழுத்தோடு இது ஒத்துப்போகவேண்டும். அதற்குப் பதிலாகப் பத்திரத்தின் முதல் வரியிலேயே "பாக்கியம் என்றும் அழைக்கப்படும் செல்லத்துரை பாக்கியலட்சுமி ஆகிய நான்" என்று ஏற்கனவே போட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் மெதுவாக எழுதி முடிக்கும் வரைக்கும் நொத்தாரிசோ சாட்சிகளோ இருக்கையை விட்டு எழும்பவில்லை. இடையில் தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளையைக்கூட வாசலில் நிற்கச் சொல்லிவிட்டார் நொத்தாரிசு.

மூலப்பிரதி இப்போது பெரியம்மாவின் அலுமாரியில், ஒரு பெரிய உறைக்குள் இருக்கிறது. அதே உறைக்குள் தவமணியின் பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சாதாரண தரச் சான்றிதழ் மூன்றின் கொப்பிகளையும், நான் பெயர் எழுதி எண்ணிய அந்தக் கொப்பித் தாளையும் மடித்து வைத்திருக்கிறேன்.